இணைப்பு: ஒன்று

விடுப்புக் கடிதத்தின் அடியில், கையெழுத்துக்கு இடப்புறமாக, 'இணைப்பு' என்று ஒரு வரி போடும் வழக்கம் உண்டு. பெரும்பாலான கடிதங்களில் அந்த வரி இருக்காது. காய்ச்சலுக்கு என்ன இணைப்பது? அத்தை இறந்ததற்கு என்ன இணைப்பது? பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கும்போதே உடல்நலக்குறைவு, உறவினர் திருமணம், துக்கம் என்று காரணங்களை எண்ணிச் சொல்லிவிடுகிறார்கள். எழுதுபவரின் சொல்லைத் தவிர வேறு சான்று எதற்கும் கிடையாது. படிப்பவர் நம்ப வேண்டும், அல்லது நம்புவதுபோல் கையெழுத்துப் போட வேண்டும். ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மேசையைத் தாண்டிப்போன காய்ச்சல்களை எல்லாம் சேர்த்தால் மாவட்டமே படுத்திருக்க வேண்டும்.

அண்ணன் மகள் ஒருநாள் மாலை வந்து, "சித்தப்பா, லைசென்ஸ் டெஸ்டுக்கு ஒருநாள் லீவு வேணும், லெட்டர் எப்படி எழுதறது?" என்று கேட்டாள். திருவண்ணாமலையில் மாட வீதியை ஒட்டிய ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை அவளுக்கு. கையில் தேர்வுக்கு நேரம் ஒதுக்கிய சீட்டு இருந்தது. அதில் அவள் பெயர், விண்ணப்ப எண், எந்த வகை வண்டி, தேதி, வந்து சேர வேண்டிய நேரம், எந்த அலுவலகம், என்னென்ன கொண்டுவர வேண்டும் எல்லாமே அச்சாகியிருந்தன. இப்படி ஒரு தாளை இணைத்து வந்த விடுப்புக் கடிதங்களை என் பணிக்காலத்தில் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஓட்டுநர் தேர்வுக்குப் போனவர்கள் இல்லாமல் இல்லை. போனவர்கள் காய்ச்சல் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அவளும் அந்த எண்ணத்தில்தான் வந்திருந்தாள். "சொந்த வேலைன்னு போட்டா போதாதா? டெஸ்டுன்னு எழுதினா கடை முழுக்கத் தெரிஞ்சிடும். கால் ஊனிட்டேன்னு வெச்சிக்கோங்க, மறுநாள் எல்லாரும் கேப்பாங்க."

பொய்க்காரணம் எழுதுபவர்களை மேலதிகாரிகள் சோம்பேறிகள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்தத் தேர்வைப் பொறுத்தவரை அது சரியில்லை. இருசக்கர வண்டிக்கு எட்டு போட்டுக் காட்ட வேண்டும். தரையில் வரைந்த எட்டின் கோட்டுக்குள் மெதுவாக, கால் தரையில் படாமல், வளைந்து சுற்றி வர வேண்டும். வேகமாகப் போனால் வண்டி தானே நிமிர்ந்து நிற்கும். மெதுவாகப் போகும்போதுதான் ஆடும், கால் தானாக இறங்கும். இறங்கினால் அன்றைக்கு முடிந்தது. வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் தோல்வி மைதானத்தோடு போகட்டும், அலுவலகம்வரை வர வேண்டாம் என்பதற்காகத்தான் காய்ச்சல். சீட்டை இணைத்தால் காரணம் உண்மை என்பது நிரூபணமாகும். கூடவே, முடிவு என்ன என்று கேட்கும் உரிமையும் மற்றவர்களுக்குப் போய்விடும்.

இவ்வளவும் தெரிந்தே சீட்டை இணைக்கச் சொன்னேன். காரணம் அந்தக் கடையின் வருகைப் பதிவேடு. விடுப்பு எடுத்தால் கூலியைப் பிடிக்கும் கடைகள்தான் மாட வீதியில் அதிகம். ஆனால் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 25ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடுத்த ஆண்டில் 12 நாள் ஊதியத்தோடு விடுமுறை. அது தவிர, நோய் அல்லது விபத்துக்காக 12 நாள்வரை. அதற்கும் மேலே, தக்க காரணம் எதுவாக இருந்தாலும் 12 நாள்வரை ஊதியத்தோடு தற்செயல் விடுப்பு. இந்தக் கடைசி இரண்டுக்கும் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை, முதல் ஆண்டிலேயே உண்டு. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் திருத்தம் வந்ததே, அது இதே சட்டத்துக்குத்தான். இருக்கையைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதியதால் அது கடைக்காரர்களுக்குத் தெரியும். 25ஆம் பிரிவைப் பற்றி யாரும் எழுதவில்லை.

நோய்க்கென்று உள்ள நாளையும் தற்செயல் நாளையும் சட்டம் தனித்தனியாக வைத்திருக்கிறது. காய்ச்சல் என்று எழுதினால் உண்மையிலேயே காய்ச்சல் வரும் நாளுக்குரிய கணக்கில் ஒன்று குறையும். 'சொந்த வேலை' என்று எழுதினால் அது தக்க காரணமா என்ற கேள்வியை மேலாளர் கையில் கொடுத்ததாகும். 'ஓட்டுநர் தேர்வு, சீட்டு இணைப்பு' என்று எழுதினால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அரசு ஊழியருக்கும் ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்புதான். ஆனால் அங்கே அதன் இயல்பு வேறு. தற்செயல் விடுப்பில் இருப்பவர் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார். அது சலுகை, உரிமை கோர முடியாது. எங்கள் அலுவலகத்தில் ஒரு மணி நேர 'பர்மிஷன்' வாங்கிக்கொண்டு போய் எட்டு போட்டுவிட்டுத் திரும்பியவர்களும் இருந்தார்கள். கடையில் பில் போடுகிறவளுக்கு அந்த வசதி கிடையாது. அவள் எழுந்துபோனால் கவுன்டர் காலி.

மேலாளர் கேட்கப்போவதும் அதைத்தான் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. "எட்டு போட ஒரு நிமிஷம்கூட ஆகாது, முடிச்சிட்டு வந்துடலாமேன்னு சொல்வாரு சித்தப்பா." ஆகாதுதான். ஆனால் அந்த ஒரு நிமிடம் அன்றைய பொழுதில் எங்கே வரும் என்று சீட்டு சொல்வதில்லை. சீட்டில் உள்ள நேரம் நாம் போய்ச் சேர வேண்டிய நேரம் மட்டுமே. ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டும், புகைப்படமும் கையெழுத்தும் பதிவாக வேண்டும், பிறகு மைதானத்தில் வரிசை. தேர்வு நடத்துபவர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர். லாரிக்கும் பேருந்துக்கும் எப்.சி. பார்ப்பவரும் அவரேதான், புது வண்டியைப் பதிவுக்குப் பார்ப்பவரும் அவரேதான். சாலையில் பெரிய விபத்து நடந்தால் பிரேக் பிடித்ததா, வண்டியில் கோளாறு உண்டா என்று அறிக்கை தர அந்த இடத்துக்குப் போக வேண்டியவரும் அவர். காலையில் செங்கம் சாலையிலோ திண்டிவனம் சாலையிலோ ஒரு லாரி கவிழ்ந்தால் மைதானத்தில் வரிசை அப்படியே நிற்கும். இது யாருடைய குறையும் இல்லை. வரிசையில் நிற்பவருக்கு அரைநாள் விடுப்பு போதாது என்பதற்கு இது காரணம்.

அவள் எழுதிவந்த வரைவில் 'தேர்வு முடிந்தவுடன் கடைக்கு வந்துவிடுகிறேன்' என்று ஒரு வரி இருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். நல்ல எண்ணத்தில் எழுதிய வரிதான். ஆனால் பன்னிரண்டு மணிக்கு மேலாளர் போன் பண்ணுவார், ஒரு மணிக்கு மறுபடியும் பண்ணுவார். எட்டு போடும் வேளையில் சட்டைப்பையில் போன் அதிரும். முடிந்து சீக்கிரம் போக முடிந்தால் போகட்டும், அதை முன்கூட்டி எழுதிக்கொடுக்க வேண்டாம்.

கடைசியில் கடிதம் இப்படி நின்றது:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: ஓட்டுநர் உரிமத் தேர்வு – ஒரு நாள் தற்செயல் விடுப்பு வேண்டுதல்.

ஐயா, கியர் இல்லாத இருசக்கர வாகனத்துக்கான ஓட்டுநர் தேர்வு எனக்கு வரும் 18ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, திருவண்ணாமலை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நடைபெற உள்ளது. தேர்வு வேலை நாளில் நடப்பதால் வார விடுமுறையில் செல்ல இயலவில்லை. அன்று ஒரு நாள் ஊதியத்துடன் கூடிய தற்செயல் விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தேர்வுக்கான சீட்டின் நகலை இணைத்துள்ளேன். அன்றைய பில் கவுன்டரை இரண்டாம் தளத்தில் உள்ள சகப் பணியாளர் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டுள்ளார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள (கையெழுத்து)

இணைப்பு: தேர்வுச் சீட்டு நகல் – ஒன்று."

'தாழ்மையுடன்', 'பணிவுடன்', 'தயைகூர்ந்து' எல்லாம் முதல் வரைவில் இருந்தன. சான்று இல்லாத காலத்தில் அந்தச் சொற்கள்தான் சான்றுக்குப் பதில் நின்றன. சீட்டு வந்தபிறகு அவற்றுக்கு வேலை இல்லை. கவுன்டரை யார் பார்ப்பார் என்ற வரி மட்டும் என் சேர்க்கை. மேலாளருக்கு வேண்டியது அந்த ஒரு தகவல்தான், மற்றதெல்லாம் அவர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்.

நகல் என்று எழுதியதிலும் விஷயம் உண்டு. அசல் சீட்டைக் கடிதத்தோடு குத்திக் கொடுத்துவிட்டால் தேர்வு நாளன்று மைதானத்தில் எதைக் காட்டுவது? இணையத்தில் மறுபடி எடுக்கலாம்தான், ஆனால் காலை நேரத்தில் பிரின்ட் எடுக்கும் கடை திறந்திருக்க வேண்டும். இன்னொன்று, நகலைக் கடையின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம் என்றேன். sarathi.parivahan.gov.in தளத்தில் விண்ணப்ப எண்ணும் பிறந்த தேதியும் தெரிந்தால் அந்த விண்ணப்பத்தின் நிலையை எவரும் பார்க்கலாம். பிறந்த தேதியைக் குழுவில் எல்லோரும் ஏற்கனவே கேக் வெட்டிக் கொண்டாடியிருக்கிறார்கள். விண்ணப்ப எண்ணின்மேல் ஒரு துண்டுத்தாளை வைத்து நகல் எடுத்தால் போதும். பெயரும் தேதியும் நேரமும்தான் மேலாளருக்கு வேண்டும்.

மருத்துவச் சான்றிதழோடு இந்தச் சீட்டை ஒப்பிட்டுப் பார்த்தேன். மருத்துவச் சான்றிதழ் வந்துபோன நோயைப் பற்றியது; விடுப்பு எடுத்த பிறகு வரும். சீட்டு நடக்கப்போவதைச் சொல்கிறது. காய்ச்சலை யாரும் ஐந்து நாள் முன்பே அறிவிக்க முடியாது, இதை அறிவிக்க முடியும். மேலாளர் ஆள் மாற்றிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. ஆனால் போனேன் என்பதற்குச் சீட்டு சாட்சி அல்ல, போக வேண்டியிருந்தது என்பதற்குத்தான் சாட்சி. அதை வைத்துக்கொண்டு வீட்டில் தூங்கினாலும் யாருக்கும் தெரியாது. எவ்வளவு காகிதம் வந்தாலும் மிச்சமாகக் கொஞ்சம் நம்பிக்கை தேவைப்படத்தான் செய்கிறது.

தேதியைத் தேர்ந்தெடுப்பது தனிக் கதை. எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் முடியாமல் தேர்வுக்குப் போக முடியாது. எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான் செல்லும். இடையில் உள்ள ஐந்து மாதத்தில் ஒரு நாளைப் பிடிக்க வேண்டும். வேறு ஊரில் இது எளிது. திருவண்ணாமலையில் காலண்டரில் முதலில் பௌர்ணமி எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். பௌர்ணமிக்கு முதல் நாளும் அன்றும் மறுநாளும் மாட வீதிக் கடைகளில் எவருக்கும் விடுப்பு கிடையாது. கேட்பதே தவறு என்ற அளவுக்கு வழக்கம் இறுகியிருக்கிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூட்டம் நகரும்போது ஊருக்குள் வரும் சாலைகளில் வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள், பேருந்துகள் ஊரின் ஓரத்தில் தற்காலிக நிலையங்களில் நிற்கும். அந்த நாளில் ஸ்கூட்டரில் தேர்வுக்குப் போய்ச் சேர்வதே ஒரு தேர்வு. கார்த்திகை பிறந்துவிட்டால் தீபத் திருவிழா முடியும்வரை எதையும் பேச வேண்டாம். தீபத்தன்று ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பார், அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். செலாவணி முறிச் சட்டப்படி அது பொது விடுமுறை அல்ல என்று அந்த ஆணையிலேயே ஒரு வாசகம் வரும். கருவூலம் குறைந்த ஆட்களோடு திறந்திருக்கும். கடைக்கோ அன்றுதான் ஆண்டின் பெரிய வியாபாரம். அரசு அலுவலகம் மூடும் நாளில் கடைக்காரி கட்டாயம் வர வேண்டும், அரசு அலுவலகம் திறக்கும் நாளில் அவள் விடுப்பு கேட்க வேண்டும். அவள் செவ்வாய்க்கிழமையைப் பிடித்தது பௌர்ணமிக்கு வெகுதூரம் தள்ளி, முகூர்த்த நாளும் இல்லாத வாரத்தில். மேலாளர் மறுக்காததற்குச் சட்டப்பிரிவைவிட அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

தேறாவிட்டால்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி ஏழு நாள் கழித்து மறுபடி தேர்வுக்குப் போகலாம். மூன்று தடவையும் தேறாவிட்டால் கடைசித் தேர்விலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும். அதாவது தேறாதவருக்கு அடுத்தடுத்து விடுப்பு தேவை, ஒவ்வொன்றுக்கும் புதிய சீட்டு. இதைக் கடிதத்தில் எழுதலாமா என்று கேட்டாள். வேண்டாம், ஆனால் நேரில் கையெழுத்து வாங்கும்போது வாயால் சொல்லிவை என்றேன். மேலாளர் சிரித்தாராம். அவர் தேறியது இரண்டாம் தடவை என்பது அப்போதுதான் கடைக்குத் தெரிந்தது.

யாரும் யோசிக்காத சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. வண்டியை நாமே கொண்டுபோக வேண்டும், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் நடப்பில் இருக்க வேண்டும். அவலூர்பேட்டை சாலையில் இருக்கும் வீட்டிலிருந்து மைதானம்வரை அதை ஓட்டிப்போவது யார்? எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் தனியாக ஓட்டக் கூடாது. உரிமம் உள்ளவர் ஒருவர் கற்றுக்கொடுப்பவராகக் கூட இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3ஆவது விதி. முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' எழுத்தும் வேண்டும். உரிமம் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் அபராதம் 5000 ரூபாய். ஆக, உரிமம் வாங்கப் போகிற வழியிலேயே உரிமம் உள்ள ஒருவர் துணை. டிரைவிங் ஸ்கூல் வழியாகப் போகிறவர்களுக்கு அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இவள் தம்பியிடம் கற்றவள், தம்பிதான் வர வேண்டும். ஒரு சீட்டுக்கு இரண்டு விடுப்பு.

தம்பி வேலை செய்வது போளூர் சாலையில் ஒரு பட்டறையில். அவன் எதை இணைப்பான்? சீட்டில் அவன் பெயர் இல்லை. அக்காவின் சீட்டை இணைத்தால், "உனக்கா டெஸ்ட்?" என்பார்கள். அவன் கடிதமே எழுதவில்லை. முதல் நாள் மாலை முதலாளியிடம், "நாளைக்கு அக்காவ கூட்டினு போவணும்ணா" என்றான், அவர் "போய்ட்டு வா" என்றார். ஒரு நாள் கூலி போயிற்று. 25ஆம் பிரிவையும் சீட்டையும் வைத்துக்கொண்டு நான் ஒரு மாலை முழுக்கச் செய்த வேலையை அவன் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டான் என்று அண்ணன் என்னைக் கேலி செய்தார். இவளுக்குக் கூலி பிடிக்கவில்லை, அவனுக்குப் பிடித்தார்கள் என்பதை நானும் சொல்லாமல் விடவில்லை.

இந்த ஏற்பாடு முழுவதும் எதற்கு என்றால், கடை இரவு ஒன்பதுக்குத்தான் அடைக்கிறது. பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை, 2021இலிருந்து. ஆனால் கட்டணம் இல்லாத பேருந்தும் ஒன்பதரைக்கு அவள் ஊர்ப்பக்கம் இருக்க வேண்டுமே. இப்போது தம்பி வந்து அழைத்துப் போகிறான், அல்லது ஷேர் ஆட்டோ நிரம்பும்வரை காத்திருக்கிறாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் இந்த ஒரு உரிமத்துக்குப் பல நாள் நடக்க வேண்டும். பாரம் வாங்க ஒரு நாள், எல்.எல்.ஆருக்கு ஒரு நாள், தேர்வுக்கு ஒரு நாள், அட்டையை வாங்க ஒரு நாள். ஒவ்வொன்றும் ஒரு காய்ச்சல். இப்போது பணம் கட்டுவது இணையத்தில், எல்.எல்.ஆர். தேர்வை ஆதார் வழியாக வீட்டிலிருந்தே எழுதலாம். உடம்போடு போக வேண்டியது எட்டு போடுவதற்கு மட்டும்தான். மற்ற நாட்கள் மறைந்தபிறகு இந்த ஒரு நாள் மட்டும் தனியாகத் தெரிகிறது, அதனால்தான் அதற்கென்று கடிதமும் சீட்டும்.

தேறினால் அட்டையைக் கையில் தர மாட்டார்கள். 2024இலிருந்து விரைவுத் தபாலில் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். ஆள் இல்லாமல் திரும்பிப் போனால் மறுபடி அலைய வேண்டும், அதற்கும் ஒரு விடுப்பு. அந்தக் கவலை இவளுக்கு இல்லை. அண்ணி பகலில் வீட்டில்தான் இருக்கிறார், தபால்காரரையும் தெரியும்.